உறங்கும் குறிகள்

2017-இல் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட விக்யூ-விஏஇ, 128×128 புள்ளிப் படத்தை 32×32 கட்டங்களாகச் சுருக்கியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்கோடர் ஓர் எண்வரிசையைத் தரும். 512 வரிசைகள் கொண்ட குறிப்பட்டியலில் அதற்கு மிக நெருங்கியதைத் தேடி, அதன் எண்ணை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

சிக்கல் இந்தத் தேடலில்தான். தேர்வான குறி மட்டுமே தரவை நோக்கி நகரும். தேர்வாகாதது கிடந்த இடத்திலேயே கிடக்கும். 512-இல் இருபதே குறிகள் உழைத்தால் மீட்கப்படும் படம் மங்கிவிடும். எந்தக் குறி எத்தனை முறை தேர்வானது என்று எண்ணினாலே குட்டு வெளிப்படும்.

2020-இல் இசைக்காக ஜூக்பாக்ஸை உருவாக்கிய குழு நேரடியான வழியைக் கையாண்டது. ஒரு குறியின் சராசரிப் பயன்பாடு வரம்புக்குக் கீழே போனால் அதை நீக்கி, அப்போதைய தொகுதியில் என்கோடர் தந்த ஏதேனும் ஒரு வரிசையை அங்கே வைத்தார்கள். தரவின் நடுவிலேயே பிறப்பதால் புதிய குறி தேர்வாக நல்ல வாய்ப்புண்டு. வரம்பை அதிகம் உயர்த்தினாலோ, அரிதாகத் தேவைப்படும் நல்ல குறிகளும் அழிந்துபோகும்.