முக்கோணம் சதுரமாகும் வழியில்

பாட்டு கேட்கும் செயலியைத் திறந்தால் கீழே ஒரு முக்கோணம் இருக்கும். தொட்டால் பாட்டு தொடங்கும். சில செயலிகளில் அந்த முக்கோணம் அப்படியே சதுரமாகவும் மாறும். கூர்முனை மெல்ல விரிந்து ஒரு பக்கமாகி, கண் இமைப்பதற்குள் சதுரம் வந்து உட்கார்ந்துவிடும். இதையே ஏனோதானோவென்று செய்திருந்தால், முக்கோணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, அதன் பிறகே சதுரமாகும். எல்லாம் கால் நொடிக்குள் முடிந்துவிடும் சங்கதிதான். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

இரண்டிலும் தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடமும் ஒன்று. கெடுவது நடுவழியில்தான்.

இணையத்தில் இம்மாதிரிச் சின்னங்களைப் பெரும்பாலும் எஸ்விஜி என்ற வடிவில் வைத்திருப்பார்கள். 2001இல் தரமாக அறிவிக்கப்பட்ட முறை இது. புகைப்படம்போல் லட்சக்கணக்கான நிறப்பொட்டுகளை இது சேமிப்பதில்லை. எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும் என்ற கட்டளைகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டளை வரிசைக்குப் பாத் என்று பெயர். நம் முக்கோணமும் சதுரமும் இப்படி இருக்கும்:

```
M20 20 L80 50 L20 80 Z
M20 20 L80 20 L80 80 L20 80 Z
```

`M` என்றால் அங்கே போய் நில். `L` என்றால் அதுவரை கோடு போடு. `Z` என்றால் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடு. முதல் எண் இடமிருந்து வலமாக எவ்வளவு தூரம், இரண்டாவது எண் மேலிருந்து கீழாக எவ்வளவு தூரம். பள்ளியில் வரைபடத்தாளில் கீழிருந்து மேலே எண்ணிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், திரையில் அப்படித்தான்.

இனி ஒரு கயிற்றை வளையமாகக் கட்டிச் சிலர் பிடித்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு மூலை. விசில் ஊதியதும் ஒவ்வொருவரும் தமக்குச் சொல்லப்பட்ட புது இடத்துக்கு நேர்கோட்டில் நடக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். உருமாற்றம் என்பது இவ்வளவுதான். பாதி நேரத்தில் எல்லோரும் பாதி தூரம் போயிருப்பார்கள். கயிறு அப்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதுவே திரையில் தெரியும். இங்கே வடிவத்தைப் புரிந்துகொள்கிறவர் யாருமில்லை. இது முக்கோணம், இது அதன் முனை என்று கணினிக்குத் தெரியாது. முதல் ஆள் முதல் இடத்துக்கு, இரண்டாம் ஆள் இரண்டாம் இடத்துக்கு என்று வரிசை எண்ணை மட்டும் பார்த்து அனுப்பும்.

சிக்கல் இப்போது தெரிந்திருக்கும். முக்கோணத்தில் மூன்று பேர். சதுரத்தில் நான்கு இடம்.

எஸ்விஜி விதி இதில் கறார். இரண்டு பாத்திலும் கட்டளைகள் எண்ணிக்கையிலும் வகையிலும் வரிசையிலும் ஒத்துப்போனால்தான் நடுவழி வடிவங்களைக் கணக்கிடும். இல்லையென்றால் முக்கோணம் இருந்த இடத்தில் சட்டென்று சதுரம் வந்து நிற்கும், அல்லது எதுவுமே அசையாது. ஆகவே நான்காவது ஆளை நாமே கொண்டுவர வேண்டும். ஒரே மூலையில் இரண்டு பேரை நிறுத்தினால் போதும். கயிற்றின் வடிவம் மாறாது, தலை எண்ணிக்கை மட்டும் கூடும். எந்த மூலையில் நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எளிதாகத் தோன்றுவது கடைசிப் புள்ளியை இன்னொரு முறை எழுதிவிடுவது:

```
M20 20 L80 50 L20 80 L20 80 Z
```

வரிசைப்படி பாருங்கள். முதல் ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கூர்முனையில் இருந்தவர் மேல் வலது மூலைக்கு ஏறுகிறார். கீழ் இடது மூலையில் நிற்கும் இருவரில் ஒருவர் அங்கேயே இருக்க, மற்றவர் அடிப்பக்கம் முழுவதையும் கடந்து வலது மூலைக்கு ஓடுகிறார். பாதி வழியில் அவர் (50, 80)இல் இருக்கிறார். கூர்முனைக்காரர் (80, 35)இல். வலப்பக்கம் உள்ளே சாய்ந்த ஒரு கோணல் நாற்கோணம் தெரிகிறது. சதுரமாகப் போகிற முக்கோணம் என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே இரட்டை ஆளைக் கூர்முனையில் நிறுத்துங்கள்:

```
M20 20 L80 50 L80 50 L20 80 Z
```

இப்போது இடப்பக்கத்து இருவரும் அசைவதே இல்லை. முனையில் நின்ற இருவரில் ஒருவர் மேலே போகிறார், ஒருவர் கீழே. பாதி வழியில் (80, 35), (80, 65). கூர்முனை பூப்போல விரிகிறது. இரண்டு தடவையும் எண்ணிக்கை நான்குதான், கணக்கும் ஒன்றுதான். மாறியது யார் எங்கே போகிறார் என்பது மட்டும்.

மூன்றும் நான்கும் என்றால் கையாலேயே சரிசெய்துவிடலாம். உண்மையான சின்னங்கள் அப்படி வருவதில்லை. சதுரத்தை வட்டமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (மூலைகளை உருட்டினாலே சதுரம் வட்டமாகிவிடும், இதற்குப் பாத் தேவையே இல்லை என்று தொழில் தெரிந்தவர் சொல்வார். சரிதான். இருந்தாலும் முறுக்கலைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.) வட்டத்தைக் கடிகார முகம்போல் 12 புள்ளிகளில் வரைந்திருக்கிறோம். சதுரத்துக்கு 4 புள்ளி. எட்டுப் பேர் குறைகிறார்கள். அவசரத்தில் எட்டுப் பேரையும் சதுரத்தின் கடைசி மூலையிலேயே குவித்துவிட்டால், முதல் மூன்று மூலைக்காரர்களும் கடிகாரத்தில் அடுத்தடுத்த மூன்று மணிக்குள் நெருக்கியடித்துப் போய் நிற்பார்கள். மீதி வட்டம் முழுவதும் அந்த ஒரே மூலையிலிருந்து கொப்புளம்போல ஊதிக்கொண்டு வரும். புள்ளி எண்ணிக்கை பொருந்தாத இரண்டு வடிவங்களைக் கண்மூடித்தனமாகச் சமப்படுத்தினால் நேர்வது இதுதான்: ஒரு பக்கம் கயிறு சுருங்கித் தொங்க, இன்னொரு பக்கம் அளவுக்கு மீறி இழுபடும்.

சரி, ஒவ்வொரு பக்கத்திலும் சம இடைவெளியில் இரண்டு பேரை நிறுத்துகிறோம். 12 பேர் ஆகிவிட்டது. ஆனாலும் படம் முறுக்குகிறது! நான் முதல்முறை இதைச் செய்தபோது, எண்ணியதில்தான் தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். தவறு எண்ணிக்கையில் இல்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில் இருந்தது.

எஸ்விஜி தரப்படி செவ்வகத்தின் கோடு மேல் இடது மூலையில் தொடங்குகிறது. வட்டத்தின் கோடு தொடங்குவது கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில். மேல் இடது மூலை என்பது ஏறக்குறைய பத்தரை மணித் திசை. இரண்டுக்கும் நடுவே 135 பாகை வித்தியாசம். மேல் இடது மூலையில் நிற்கிறவர் பக்கத்திலுள்ள பத்து மணிக்குப் போகாமல், முழுக் களத்தையும் குறுக்கே கடந்து மூன்று மணிக்குப் போகிறார். பத்து மணிக்கு என்றால் 15 அலகுக்குச் சற்று கூட. மூன்று மணிக்கு என்றால் 67. எல்லோருமே இப்படிக் குறுக்கே நடப்பதால் பாதி வழியில் அனைவரும் நடுவில் நெரிசலாகக் கூடுகிறார்கள். 60 அலகு அகலம் இருந்த சதுரம் அந்த நொடியில் 30 அலகாகச் சுருங்கி, திருகிக்கொண்டு, பிறகு வட்டமாக விரிகிறது. சுழன்றபடி சுருங்கி விரிவதைக் கண்டால், தொடக்கப் புள்ளி தப்பு என்று அடித்துச் சொல்லலாம்.

வித்தியாசம் 180 பாகையானால் இன்னும் வேடிக்கை. ஒரு சதுரத்தை அதே சதுரமாக மாற்றச் சொல்லி, இரண்டாவதின் தொடக்கத்தை மட்டும் எதிர்மூலையில் வைத்துப் பாருங்கள். நால்வரும் பாதி நேரத்தில் நட்டநடுவே (50, 50)இல் மோதிக்கொள்வார்கள். சதுரம் ஒரு புள்ளியாக மறைந்து மறுபடி பிறக்கும்.

இன்னொரு வகை முறுக்கலும் உண்டு. ஒரு வடிவம் வலச்சுற்றாகவும் மற்றது இடச்சுற்றாகவும் எழுதப்பட்டிருந்தால், தோசையைத் திருப்பிப் போடுவதுபோல் வடிவம் புரளும். அதே சதுரத்தை எதிர்ச்சுற்றில் எழுதினால், பாதி வழியில் அது மூலைவிட்டத்தின் மேல் ஒரு வெறும் கோடாகப் படுத்துவிடும். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. வலச்சுற்றின் பரப்பைக் கூட்டல் என்றும் இடச்சுற்றின் பரப்பைக் கழித்தல் என்றும் கணக்கில் வைத்தால், கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போகிற எதுவும் வழியில் பூச்சியத்தைத் தொட்டே தீர வேண்டும். எந்தக் கருவியாலும் இதைத் தவிர்க்க முடியாது. சுற்றுத் திசையை முதலிலேயே ஒன்றாக்குவதுதான் வழி.

தொடக்கத்தைச் சரிசெய்யும் வழி எளியது. 12 புள்ளி என்றால் 12 விதமாகத் தொடங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு விதத்திலும் ஒவ்வொருவரும் நடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, எது மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நோவா வெல்ட்மன் எழுதிய ஃப்ளப்பர் என்ற நிரல்தொகுப்பு இதைத்தான் செய்கிறது: குறைந்த பக்கத்தில் புள்ளிகளைச் சேர்க்கும், பிறகு வரிசையைச் சுழற்றிப் பார்த்துப் பொருத்தும். ஜிசாப் கருவியில் இதற்கென்றே `shapeIndex` என்ற எண் உண்டு. தானாகத் தேர்ந்தது பிடிக்காவிட்டால் நாமே மாற்றலாம், எதிர்ம எண் கொடுத்தால் சுற்றுத் திசை திரும்பும். மிகக் குறைந்த தூரம் எப்போதும் மிக அழகான வழியாக இருப்பதில்லை என்பதால் இந்த எண் பல தடவை கைகொடுக்கிறது. குதிரை யானையாக மாறும்போது வால் வாலுக்குத்தான் போக வேண்டும் என்று தூரக் கணக்குக்குத் தெரியாது.

கருவி எதுவானாலும், கோளாறைப் பிடிக்க நான் செய்வது ஒன்றுதான். அசைவைச் சரிபாதியில் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் அதன் எண்ணை எழுதிவிடுவேன். ஓடும்போது ஒளிந்துகொள்வது நிற்கும்போது மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் முரண்டு பிடிக்கும் வடிவங்கள் உண்டு. டிஜிட்டல் கடிகாரத்தில் 1 என்ற எண் 0 ஆக வேண்டும். 1க்கு ஒரே வெளிக்கோடு. 0க்கு வெளிக்கோடு ஒன்று, நடுவில் உள்ள ஓட்டைக்கு இன்னொன்று. இங்கே குறைவது ஆட்கள் அல்ல, ஒரு முழுக் கயிறு. அதற்கும் முக்கோணத்தின் முனையில் செய்த வேலையையே செய்கிறார்கள். 1இன் உடலுக்குள் ஓரிடம் பார்த்து, ஓட்டைக்கு வேண்டிய அத்தனை பேரையும் அந்த ஒரே புள்ளியில் ஒருவர் மேல் ஒருவராக நிறுத்திவிடுவது. ஓட்டை அங்கே இருக்கிறது, ஆனால் அதன் அளவு பூச்சியம். யார் கண்ணுக்கும் தெரியாது. விசில் ஊதியதும் அவர்கள் நாலாபுறமும் விலக, எண்ணின் நடுவே ஒரு துளை திறந்துகொள்கிறது.