தன் ஹைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு

பீனாலை நீர்த்த நைட்ரிக் அமிலத்துடன் அறை வெப்பநிலையில் வினைபுரியவிட்டால், குடுவையில் கருத்துப் பிசுபிசுத்த ஒரு கலவை கிடைக்கும். அதற்குள் முக்கியமாக இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஆர்த்தோ நைட்ரோபீனால், மற்றது பாரா நைட்ரோபீனால். இரண்டுக்கும் ஒரே வாய்பாடு, C6H5NO3. மூலக்கூறு எடையும் ஒன்றேதான், 139. ஆனால் அந்தக் கலவைக்குள் நீராவியைச் செலுத்தினால் ஆர்த்தோ மட்டும் நீராவியோடு கிளம்பிக் குளிர்விப்பானில் மஞ்சள் எண்ணெயாக இறங்குகிறது. பாரா குடுவையிலேயே தங்கிவிடுகிறது.

எடை ஒன்றாக இருந்தும் ஒன்று எளிதில் ஆவியாகிறது, மற்றொன்று ஆவியாக மறுக்கிறது. ஆர்த்தோ சுமார் 45 டிகிரி செல்சியஸில் உருகி, 215 டிகிரி அருகில் கொதிக்கிறது. பாராவை உருக்கவே 114 டிகிரி வேண்டும். அது கொதிப்பது 279 டிகிரியில், அதுவும் சிதையத் தொடங்கியபடி. இந்த 60 டிகிரிக்கு மேற்பட்ட இடைவெளிக்குக் காரணம், ஒரேயொரு ஹைட்ரஜன் அணு யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு மூலையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி. இன்னொரு மூலையில், நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜன்களும் கொண்ட நைட்ரோ தொகுதி. இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் ஆர்த்தோ. நேரெதிர் மூலைகளில் இருந்தால் பாரா. ஹைட்ராக்சிலில் உள்ள ஆக்சிஜன், பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவதால் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மையோடு நிற்கிறது. எலக்ட்ரான் செறிந்த வேறோர் ஆக்சிஜன் அருகில் கிடைத்தால் அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நைட்ரோ தொகுதியின் ஆக்சிஜன்கள் அப்படிப்பட்டவை.

ஆர்த்தோவில் அந்த ஆக்சிஜன் பக்கத்து மூலையிலேயே இருக்கிறது. ஹைட்ரஜன் சற்றுத் திரும்பினால் போதும், எட்டிவிடுகிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், இரண்டு கார்பன்கள், நைட்ரஜன், அதன் ஆக்சிஜன் என ஆறு அணுக்கள் சேர்ந்து, பென்சீன் வளையத்தை ஒட்டி இன்னொரு சிறு வளையம் உருவாகிறது. ஆறு அணு வளையத்தில் கோணங்கள் இறுக்கமில்லாமல் அமைவதால் இந்தப் பிணைப்பு வசதியாக நிலைக்கிறது. பாராவில் நைட்ரோ தொகுதி வளையத்தின் மறுகோடியில் இருக்கிறது. தன் ஹைட்ரஜன் அதை எட்ட வழியே இல்லை. எனவே அது அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. அந்த மூலக்கூறின் ஹைட்ரஜன் அதற்கடுத்ததைப் பிடிக்கிறது. பாரா மூலக்கூறுகள் கைகோத்து வரிசையாக நிற்கின்றன என்றால், ஆர்த்தோ மூலக்கூறு ஒவ்வொன்றும் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு தனித்து நிற்கிறது.

ஆவியாவது என்றால் ஒரு மூலக்கூறு தன் அண்டை அயலை விட்டு விலகிப் போவது. பாரா விலக வேண்டுமானால் அண்டை மூலக்கூறுகளோடு கொண்ட ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுக்க வேண்டும். அதற்கு அதிக வெப்பம் தேவை. ஆர்த்தோ விலகும்போது இந்தப் பிணைப்பு அறுபடுவதில்லை. அதன் பிணைப்பு அதற்குள்ளேயே இருப்பதால், அதையும் சுமந்துகொண்டே ஆவியாகிவிடுகிறது. தேர்வுத் தாள்களில் பலர் “ஆர்த்தோவின் ஹைட்ரஜன் பிணைப்பு வலுவற்றது, அதனால் எளிதில் ஆவியாகிறது” என்று எழுதுகிறார்கள். இது தவறான விளக்கம். அந்தப் பிணைப்பு நல்ல வலுவுள்ளது. வலுவாக இருப்பதால்தான் ஹைட்ரஜன் அண்டை மூலக்கூறுகள் பக்கம் போவதில்லை.

இப்போது நீராவிக் குடுவைக்கு வருவோம். 215 டிகிரியில் கொதிக்கும் ஒரு பொருள் 100 டிகிரி நீராவியில் எப்படி வெளியேறுகிறது? ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சூடாக்கினால், ஒவ்வொன்றும் மற்றொன்று இல்லாதது போலவே தன் ஆவி அழுத்தத்தைத் தருகிறது. இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தமான 760 மில்லிமீட்டரைத் தொட்டதும் கலவை கொதிக்கிறது. 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே, தண்ணீரின் பங்கு சுமார் 745 மில்லிமீட்டர், உருகி எண்ணெயாக நிற்கும் ஆர்த்தோவின் பங்கு சுமார் 15. அதாவது ஆவியில் 50 தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஓர் ஆர்த்தோ மூலக்கூறு. பார்க்கச் சொற்பம்தான். ஆனால் எடையில் கணக்கிட்டால், 50 தண்ணீர் மூலக்கூறுகள் 900. ஓர் ஆர்த்தோ 139. ஆகவே 100 கிராம் தண்ணீர் வடியும்போது ஏறத்தாழ 15 கிராம் ஆர்த்தோ கூடவே வர முடியும். இந்த வெப்பநிலையில் பாராவின் ஆவி அழுத்தம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. போதாததற்கு, பாராவின் ஹைட்ரஜன் தண்ணீரின் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்வதால் அது சூடான நீரில் நன்றாகவே கரைந்துவிடுகிறது. ஆர்த்தோவுக்குத் தண்ணீரோடு அவ்வளவு ஒட்டுறவு இல்லை. மிகக் குறைவாகத்தான் கரைகிறது.

காரணம் உண்மையில் அந்த ஹைட்ரஜன்தானா என்று சோதிக்கவும் வழியிருக்கிறது. அதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை வைத்தால் நைட்ரோஅனிசோல் கிடைக்கும். அதில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியில்லை. ஆர்த்தோ நைட்ரோஅனிசோல், பாரா நைட்ரோஅனிசோல் இரண்டுமே 275 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கின்றன. 60 டிகிரி இடைவெளி மறைந்துவிட்டது! வேதியியலில் இவ்வளவு சுத்தமாகத் தீர்ப்புச் சொல்லும் ஒப்பீடுகள் அதிகம் இல்லை.

அகச்சிவப்பு நிறமாலையும் இதையே சொல்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்து மேலும் மேலும் நீர்க்கச் செய்தால் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. பாராவின் ஹைட்ராக்சில் அதிர்வு அப்போது இடம் மாறி, பிணைப்பில்லாத ஹைட்ராக்சிலுக்கு உரிய 3,600 அலை எண் அருகே வந்துவிடும். ஆர்த்தோவின் அதிர்வு 3,240 அருகே இருந்த இடத்திலேயே இருக்கும். அண்டை மூலக்கூறு விலகினாலும் அதற்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆய்வகத்தில் இந்தப் பிரிப்பு இரண்டு விதமாகக் கெட்டுப்போகலாம். குளிர்விப்பானில் தண்ணீர் வேகமாக ஓடினால் ஆர்த்தோ குழாய்க்குள்ளேயே மஞ்சள் படிகமாக உறைந்து வழியை அடைத்துவிடும். தண்ணீரைச் சற்று நேரம் நிறுத்தினால் அது உருகி இறங்கிவிடும். நீராவி அடைபட்டு அழுத்தம் ஏறும்வரை விடக்கூடாது. இரண்டாவது தவறு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அமிலத்தை நடுநிலையாக்கும்போது காரம் மிகுந்துவிட்டால், இரண்டு நைட்ரோபீனால்களும் அந்த ஹைட்ரஜனை இழந்து அயனிகளாகி நீரில் கரைந்துவிடும். அயனி ஆவியாகாது. குடுவை நல்ல மஞ்சளாக இருந்தும் வடிநீர் நிறமில்லாமல் வந்துகொண்டிருந்தால், லிட்மஸ் தாளில் ஒரு சொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். தாள் நீலமானால் நீர்த்த அமிலத்தைச் சேர்த்து, தாள் சிவக்கும்வரை கொண்டுவந்தால் ஆர்த்தோ தன் ஹைட்ரஜனைத் திரும்பப் பெற்று மறுபடியும் வடியத் தொடங்கும். வடிநீரில் மஞ்சள் நின்றதும் நீராவியை நிறுத்திவிட்டு, குடுவையில் எஞ்சியதைச் சூடாகவே வடிகட்டிக் குளிரவிட்டால் பாரா படிகமாக இறங்கும்.