பைக்கில் ஒரு சிவப்பு எல்.இ.டி.

பைக்கின் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கை எரியவிட வேண்டும். கடைக்காரர் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கொடுத்து, "இதைத் தொடரில் போடுங்க, போதும்" என்கிறார். அது போதுமா என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

சாதாரண பல்பைப் போல எல்.இ.டி. தானாக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளாது. சிவப்பு எல்.இ.டி. எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 2 வோல்ட் நிற்கும். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டினாலும் மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். எனவே மீதி வோல்ட் முழுவதையும் ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும்.

கணக்கு எளிது. 12-இல் 2 போனால் 10 வோல்ட். அதை 470-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மில்லி ஆம்பியர். இவ்வகைச் சிறிய எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் வழக்கமான அளவு என்பதால் கடைக்காரர் சொன்னது சரிபோலத்தான் தோன்றும்.

ஆனால் அந்த 12 வோல்ட் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண் மட்டுமே. எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட் வரை போகும். அப்போது ரெசிஸ்டருக்கு 12.4 வோல்ட், மின்னோட்டம் 26 மில்லி ஆம்பியரைத் தாண்டும். ரெசிஸ்டர் சூடாகச் செலவிடும் திறனையும் பார்க்க வேண்டும். 12.4-ஐ 0.026-ஆல் பெருக்கினால் 0.32 வாட்டுக்கு மேல் வருகிறது. கடையில் கிடைக்கும் சின்ன ரெசிஸ்டர் பெரும்பாலும் கால் வாட்தான். தொட்டால் சுடும், நாளடைவில் கருகும்.

அடையாள விளக்குக்கு இவ்வளவு மின்னோட்டம் தேவையே இல்லை. பத்து மில்லி ஆம்பியரே கண்ணுக்குப் பளிச்சென்றிருக்கும். 1,000 ஓம் போட்டால் 14.4 வோல்ட்டிலும் 12.4 மில்லி ஆம்பியர்தான், 0.15 வாட்தான். கால் வாட் ரெசிஸ்டர் நிம்மதியாகத் தாங்கும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்ற வரிசையில் கோடுகள் இருந்தால் அது 1,000 ஓம்.

இதே கணக்கு 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் வெள்ளை எல்.இ.டி.க்கு அவ்வளவு நம்பகமல்ல. எல்.இ.டி.யே 3 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். செல் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் படுத்துவிடும்.

மாட்டிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் தொடுங்கள். கம்பியை வெட்ட வேண்டியதில்லை. 1,000 ஓம் என்பதால் காட்டும் வோல்ட் எண்ணே மில்லி ஆம்பியர் எண். 12-ஐ ஒட்டிக் காட்டி விளக்கும் எரிந்தால் எல்லாம் சரி. பேட்டரி வோல்ட் அப்படியே தெரிந்து விளக்கு எரியாவிட்டால், எல்.இ.டி. உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது எல்.இ.டி. தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். தலைகீழ் என்றால் உடனே மாற்றுங்கள், பெரும்பாலான எல்.இ.டி.கள் எதிர்த்திசையில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருவதில்லை.