பில் போட்டாச்சு, பணம் எந்த ரன்னில்?

பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில், சப்ளையர்களின் பில்களைப் பாஸ் செய்யும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். போர்டல் வழியாக அங்கே வந்து விழும் டிக்கெட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “சார், பணம் எப்ப வரும்?” நாங்கள் தட்டிவிடும் பதிலும் ஒன்றுதான்: “ப்ராசஸ்ல இருக்கு.” அது பொய்யில்லை. கேட்டவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவ்வளவுதான்.

‘எப்ப வரும்’ என்ற அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பில் கணக்கில் ஏறிவிட்டதா? ஏறியது தடையில்லாமல் நிற்கிறதா? அதன் கெடு தேதி எந்த பேமெண்ட் ரன்னில் விழுகிறது? மூன்றையும் பிரித்துக் கேட்காதவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

பேமெண்ட் ரன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்புவதில்லை. வாரம் ஒருமுறையோ, மாதம் 5, 15, 25 என்றோ நாள் குறித்து வைத்திருப்பார்கள். அந்த நாளில் மென்பொருள், கெடு வந்த பில்களையெல்லாம் மொத்தமாக அள்ளி ஒரு பட்டியல் போடும். மேலதிகாரி ஒப்புதல் கொடுத்ததும் பட்டியல் வங்கிக்குப் போகும். தடை போட்ட பில்லை மென்பொருள் தொடாது. விதிவிலக்குப் பட்டியல் ஒன்றில் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். அப்படித் தள்ளப்பட்ட சேதியைச் சப்ளையருக்கு எழுதித் தெரிவிக்கும் வழக்கம் நான் பார்த்த இடங்களில் இல்லை.

அம்பத்தூரில் சி.என்.சி. பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. மார்ச் 3ஆம் தேதி பில் போட்டார். 500 உதிரிபாகம், ஒன்று 418 ரூபாய். ஜி.எஸ்.டி.யோடு 2,46,620 ரூபாய். சரக்கு 5ஆம் தேதி அந்த நிறுவனத்தின் கேட்டுக்குள் போனது. தரப் பரிசோதனை முடிந்து ஜி.ஆர்.என். போட்டது 9ஆம் தேதி. ஒப்பந்தம் 45 நாள்.

நண்பர் பில் தேதியிலிருந்து எண்ணினார். ஏப்ரல் 17 வந்தது. அன்று காலையே போர்டலைத் திறந்தார். `Approved` என்று பச்சையில் நின்றது. வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லை. “அவசரம், உடனே பணம் விடவும்” என்று டிக்கெட் போட்டார். இரண்டு நாள் கழித்து “உங்கள் பில் பரிசீலனையில் உள்ளது” என்ற பதிலோடு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, அப்ரூவ்டுனு காட்டுது. அப்புறமும் என்ன பரிசீலனை?”

அந்தப் பச்சை எழுத்தை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பல போர்டல்களில் அதற்குப் பொருள், பில்லை ஏற்றுக்கொண்டோம் என்பது மட்டுமே. பணம் விடத் தடையில்லை என்று பொருளல்ல. அதே போர்டலில் தெரியும் உத்தேசத் தேதியும் பெரும்பாலும் கெடு தேதிதான், ரன் தேதி அல்ல.

நண்பரை இரண்டாவது டிக்கெட் போடச் சொன்னேன். புதிய பில் ஏற்ற வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னேன். பணம் வரவில்லை என்று அதே பில்லை மறுபடி ஏற்றுகிறவர்கள் உண்டு. மென்பொருள் அதை இரட்டைப் பில் என்று பிடித்துக்கொள்ளும். சில இடங்களில் இரண்டையும் நிறுத்திவைத்து விசாரிப்பார்கள். சிக்கல் ஒன்று இரண்டாகும்.

டிக்கெட்டின் தலைப்பில் பில் எண் மட்டும். உள்ளே வெண்டர் கோடு, பி.ஓ. எண், பில் தேதி, தொகை, ஜி.ஆர்.என். எண்ணும் தேதியும். அதன் கீழே நான்கு வரி: இந்த பில் கணக்கில் ஏறிய தேதியும் ஆவண எண்ணும் என்ன? பேமெண்ட் தடை இருக்கிறதா, இருந்தால் காரணம் என்ன, யாரிடம் நிற்கிறது? உங்கள் கணக்கில் கெடு தேதி எது, எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள்? எந்த ரன்னில் வரும், அந்த ரன்னுக்குத் தடை நீக்க வேண்டிய கடைசி நேரம் எது? ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பில். ஐந்து பில்லைச் சேர்த்துக் கேட்டால், அதில் சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதி மூடிவிடுவார்கள். நானே அப்படி மூடியிருக்கிறேன்.

மறுநாளே பதில் வந்தது. பில் மார்ச் 10ஆம் தேதியே கணக்கில் ஏறியிருந்தது. கெடு, ஜி.ஆர்.என். தேதியிலிருந்து 45 நாள், அதாவது ஏப்ரல் 23. ரன் 25ஆம் தேதி. அதற்குள் சேர 23ஆம் தேதி மதியத்துக்குள் தடை நீங்க வேண்டும். விலை வித்தியாசம் என்று தடை விழுந்திருந்தது: பி.ஓ.வில் 412 ரூபாய், பில்லில் 418.

ஆறு ரூபாய் ஏற்றத்தை பர்சேஸ் அதிகாரி பிப்ரவரியிலேயே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பி.ஓ.வைத் திருத்த மறந்துவிட்டார். மொத்த வித்தியாசம் 3,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்காக இரண்டரை லட்சம் சும்மா நின்றது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விலைத் தடையைக் கணக்குப் பிரிவு தானாக எடுக்க முடியாது. அது பர்சேஸின் சாவி. அளவு குறைந்தால் ஸ்டோர்ஸின் சாவி. கணக்குப் பிரிவிடம் எத்தனை டிக்கெட் போட்டாலும், எத்தனை கோபப்பட்டாலும் பூட்டு திறக்காது. நண்பர் அந்தப் பதிலை அப்படியே பழைய மின்னஞ்சலோடு சேர்த்து பர்சேஸ் அதிகாரிக்கு அனுப்பினார். 22ஆம் தேதி பி.ஓ. திருத்தம் வந்தது, அன்று மாலையே தடை போனது. ஒரு நாள் தாமதித்திருந்தால் மே 5ஆம் தேதி ரன்தான்.

சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், சரக்கு போய்ச் சேர்ந்த நாளே ஏற்ற நாள், ஜி.ஆர்.என். போட்ட நாள் அல்ல. நண்பரின் கணக்கில் அது மார்ச் 5. கெடு ஏப்ரல் 19. ரன்னோ 15க்கும் 25க்கும் நடுவில் கிடையாது. ஆகச் சட்டப்படி 15ஆம் தேதி ரன்னிலேயே அவர் பில் போயிருக்க வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் வழியிருக்கிறது.

முதல் டிக்கெட்டிலேயே சட்டப்பிரிவை எழுதுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டிக்கெட் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே உறங்கும். அதற்குப் பதில் சாதாரணமாக ஒன்று கேட்கலாம்: “உங்கள் வெண்டர் பதிவில் எங்கள் உத்யம் எண் ஏறியிருக்கிறதா?” சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டின் வரிக்கணக்கில்தான் கழிக்க முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு உத்யம் வெண்டர்களைத் தனியாகக் குறித்துவைக்க நிறுவனங்களுக்கே காரணம் உண்டு. நண்பரின் எண் ஏறியிருக்கவில்லை. சான்றிதழை அனுப்பினார்.

ரன் 25ஆம் தேதி ஓடியது. வங்கி ஒப்புதல் தாண்டிப் பணம் 27ஆம் தேதி வந்தது. ரன் தேதியும் பணம் வரும் தேதியும் ஒன்றல்ல. போர்டலில் `Paid` என்று மாறி, யு.டி.ஆர். எண்ணும் ஏறியது. மாலையில் போன் வந்தது.

“அண்ணே, 209 ரூபாய் குறையுதே. இதுக்கும் டிக்கெட் போடணுமா?”

ஜி.எஸ்.டி. நீங்கலான 2,09,000 ரூபாயில் 0.1 சதவீதம். ஒரே சப்ளையரிடம் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் வாங்கும் பெரிய நிறுவனம், மேற்பட்ட தொகைக்குப் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ். பேமெண்ட் அட்வைஸின் கடைசி வரியைப் பார்க்கச் சொன்னேன். அங்கேயே இருந்தது.