மின்னல் விற்பனைக்கான கவுண்ட்டவுன் ஸ்டேட்டஸ் வாசகங்கள்

மின்னல் விற்பனை என்பது குறிப்பிட்ட ஒரு சரக்கைக் குறைந்த விலையில் சில மணி நேரம் மட்டும் விற்பதாகும். ஆடித் தள்ளுபடி மாதம் முழுவதும் நீளும். மின்னல் விற்பனை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எனவே வாங்குபவர்கள் அந்த நேரத்தில் கைப்பேசியுடன் தயாராக இருக்க வேண்டும். அவர்களைத் தயார்படுத்த, விற்பனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் அடுத்தடுத்து வெளியிடப்படும் சிறு வாசகங்களின் வரிசையே இக்கட்டுரையின் பொருள்.

சேலம் மாவட்டத்தின் இளம்பிள்ளை சேலை உற்பத்திக்கும் மொத்த வணிகத்துக்கும் பெயர் பெற்ற பேரூர். அங்கு நெய்யப்படும் சேலைகளைக் கடைக்காரர்கள் மட்டுமின்றி, வீட்டிலிருந்தே விற்கும் பெண்களும் கைப்பேசி வழியாக வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர். அத்தகைய ஒரு சேலை விற்பனையை மாதிரியாகக் கொண்டு, வாசக வரிசை அமைக்கும் முறை கீழே விளக்கப்படுகிறது.

24 மணி நேரக் கணக்கு

இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 2016இலும் இன்றைய வடிவிலான வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 2017இலும் அறிமுகமாயின. இரண்டிலும் ஒரு பதிவு 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். வாசகம் எழுதுபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, வாசகம் வெளியிடப்படும் நேரமும் படிக்கப்படும் நேரமும் வேறு வேறு. "இன்னும் 2 மணி நேரமே உள்ளது" என்று மாலை 5 மணிக்குப் போட்டால், அதை ஒருவர் 5.05க்குப் பார்ப்பார், மற்றொருவர் இரவு 8.30க்குப் பார்ப்பார். இரண்டாமவருக்கு அது பொய்யான தகவல். "நாளை விற்பனை" என்பதும் அப்படியே. நள்ளிரவைத் தாண்டிப் பார்ப்பவருக்கு நாளை என்பது வேறு நாளாகிவிடும். ஆகவே மீதி நேரத்தைச் சொல்லாமல் "ஞாயிறு இரவு 7 மணி" என்று கிழமையையும் மணியையும் எழுதுவதே சரி. எப்போது படித்தாலும் அந்த நேரம் மாறாது. மீதி நேரம் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் இன்ஸ்டாகிராமில் உள்ள கவுண்ட்டவுன் ஸ்டிக்கரைப் பயன்படுத்தலாம். பார்ப்பவர் எந்த நேரத்தில் திறந்தாலும் அது சரியான மீதியையே காட்டும். அதைத் தொட்டு நினைவூட்டல் கேட்டு வைத்தவருக்கு நேரம் வந்ததும் அறிவிப்பும் செல்லும்.

இரண்டாவது, வரிசையின் முன்பகுதி விற்பனைக்கு முன்பே மறைந்துவிடும். வெள்ளிக்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவருக்குத் தெரியாது. தொடர்கதைபோல ஒரு வாசகம் முந்தையதை நம்பி நிற்கக் கூடாது. ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும்.

ஒரு மாதிரி வரிசை

ஒரு விற்பனையாளரிடம் விசைத்தறியில் நெய்த ஆர்ட் சில்க் சேலைகள் 60 உள்ளன எனக் கொள்வோம். 12 நிறங்கள்; நிறத்துக்கு 5 சேலைகள். வழக்கமான விலை 1,400 ரூபாய். அந்த வடிவமைப்பை இனி நெய்யப் போவதில்லை என்பதால், ஞாயிறு இரவு 7 மணி முதல் 9 மணி வரை 1,100 ரூபாய்க்கு விற்க எண்ணுகிறார். அவருக்கு எட்டு வாசகங்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு புதிய செய்தியும், மாறாத நேரமும் இருக்கும்.

1. வெள்ளி இரவு 7 மணி: "இளம்பிள்ளை ஆர்ட் சில்க் சேலை, 12 நிறம், மொத்தம் 60 மட்டும். ஞாயிறு இரவு 7 முதல் 9 வரை."

2. சனி காலை 10 மணி: "1,400 ரூபாய் சேலை 1,100க்கு, கூரியர் உட்பட. இந்த டிசைன் இனி வராது, அதனால்தான் குறைத்திருக்கிறோம். ஞாயிறு இரவு 7 மணி."

3. சனி மாலை 6 மணி: "விசைத்தறிச் சேலை. சுத்தப் பட்டு அல்ல. பிளவுஸ் துணி உண்டு. ஞாயிறு இரவு 7 மணி."

4. ஞாயிறு காலை 9 மணி, 12 படங்களுடன்: "1 முதல் 12 வரை எண் போட்டிருக்கிறோம். பிடித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று இரவு 7 மணிக்கு முன் பதிவு கிடையாது."

5. ஞாயிறு மாலை 4 மணி: "எண்ணை அனுப்புங்கள். 'இருக்கிறது' என்று பதில் வந்த பிறகே பணம் போடுங்கள். 15 நிமிடத்தில் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு. ஞாயிறு இரவு 7 மணி."

6. ஞாயிறு இரவு 7 மணி: "விற்பனை தொடங்கியது, 9 மணி வரை. ஆர்ட் சில்க், கூரியர் உட்பட 1,100 ரூபாய். எண்ணை அனுப்புங்கள்."

7. ஞாயிறு இரவு 8 மணி: "8 மணி நிலவரம்: 3, 7, 11 தீர்ந்தது. மற்ற நிறங்களில் 22 சேலை இருக்கிறது. 9 மணி வரை."

8. ஞாயிறு இரவு 9 மணி: "விற்பனை முடிந்தது. பதிவு செய்தவர்களுக்கு நாளை பார்சல் போகும். கூரியர் எண் அனுப்புகிறோம்."

இந்த வரிசையை 24 மணி நேரக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஆறாம் வாசகத்தின் தேவை புரியும். விலை சொன்ன இரண்டாம் வாசகம் ஞாயிறு காலை 10 மணிக்கே மறைந்துவிடும். துணி எது என்று சொன்ன மூன்றாம் வாசகம் மாலை 6 மணிக்கு மறையும். இரவு 7 மணிக்குப் புதிதாகத் திறப்பவருக்கு நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை மட்டுமே தெரியும். ஆறாம் வாசகம் விலையையும் துணியையும் திரும்பச் சொல்லாவிட்டால், அவர் விலை கேட்டு ஒரு செய்தி அனுப்புவார். பட்டா என்று கேட்டு இன்னொன்று அனுப்புவார். இரண்டு மணி நேர விற்பனையில் இந்தப் பதில்களுக்கே பெரும்பொழுது போய்விடும். கேட்காமலே பட்டு என்று எண்ணி வாங்குபவர் பார்சலைத் திருப்பி அனுப்புவார்.

எட்டாம் வாசகத்தைப் போடும்போது நான்கு முதல் ஏழு வரையிலான பதிவுகளை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் திங்கட்கிழமை காலையிலும் அவை தெரியும். "முடிந்தது" என்பது வரிசையின் கடைசியில் இருப்பதால், முதல் படத்தைப் பார்த்த உடனே பணம் அனுப்புபவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். நிறம் தீரும்போதே அதன் படத்தையும் நீக்கிவிடுவது நல்லது.

படமும் எழுத்தும்

ஒரு படம் திரையில் சில நொடிகளே நிற்கும். அதனால் ஒரு படத்தில் இரண்டு மூன்று குறுவாக்கியங்களுக்கு மேல் எழுதுவதில்லை. திரையின் மேல்பகுதியைக் கணக்கின் பெயரும் கீழ்ப்பகுதியைப் பதில் பெட்டியும் மறைக்கும். 1080 × 1920 பிக்சல் அளவுள்ள படத்தில் மேலும் கீழும் சுமார் 250 பிக்சல் இடத்தை எழுத்தில்லாமல் விட்டால் மணியும் விலையும் மறைபடாது.

எண்ணைப் படத்தின் மீதே எழுதுவதற்கும் காரணம் உண்டு. வாங்குபவர் ஸ்டோரிக்குப் பதிலாக "இது வேண்டும்" என்று மட்டும் அனுப்பினால், ஸ்டோரி மறைந்த பின் அந்த உரையாடலில் படம் தெரியாது. மறுநாள் பார்சல் கட்டும்போது எந்தச் சேலை என்ற குழப்பம் வரும். "7 வேண்டும்" என்ற செய்தி இருந்தால் அந்தச் சிக்கல் எழாது.

யார் பார்க்க முடியும்

இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்கின் ஸ்டோரியை எவரும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அப்படியல்ல. விற்பவர் வாங்குபவரின் எண்ணையும், வாங்குபவர் விற்பவரின் எண்ணையும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசி மாற்றியபோது எண்ணை இழந்திருந்தால், வரிசை முழுவதும் அவர் கண்ணில் படாது. எனவே விற்பனைக்குச் சில நாள் முன்பே, எண்ணைச் சேமிக்கும்படி தனிச்செய்தியில் கேட்டுக்கொள்வது வழக்கம்.

மறுவிற்பனையாளர்கள் வழியாக விற்கும்போது வேறொரு சிக்கல் உண்டு. அவர்கள் அதே படங்களைத் தம் ஸ்டேட்டஸில் தம் விலையுடன் போடுவர். அவர்களது 24 மணி நேரம் அவர்கள் போட்ட நேரத்திலிருந்து தொடங்கும். மூல விற்பனையாளர் தம் பதிவை அழித்தாலும் அவர்களுடையது இருக்கும். தீர்ந்துபோன சேலைக்கு அவர்கள் பணம் வாங்கிவிடக்கூடும். 60 சேலைகள் மட்டுமே உள்ள விற்பனையில், அவர்களுக்கென ஒரு பங்கை, எடுத்துக்காட்டாக நிறத்துக்கு 2 வீதம் 24 சேலைகளை, தனியே ஒதுக்கி எஞ்சிய 36ஐ மட்டும் பொது வாசகத்தில் அறிவிப்பது ஒரு தீர்வு.

போலி அவசரமும் சட்டமும்

அவசரம் உண்டாக்குவதே கவுண்ட்டவுனின் வேலை. அந்த அவசரம் உண்மையா என்பதுதான் கேள்வி. 200 சேலைகளை வைத்துக்கொண்டு "கடைசி 5" என்பதும், 9 மணிக்கு முடிவதாகச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வாரமும் அதே சேலையை அதே விலையில் விற்பதும் போலி அவசரம். இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைத் தடை செய்கின்றன. அவற்றுள் முதலாவது போலி அவசரம். விலையின் ஒரு பகுதியை மறைத்துக் கடைசியில் சேர்ப்பதும் அப்பட்டியலில் உண்டு. இரண்டாம் வாசகத்தில் "கூரியர் உட்பட" என்று முன்பே சொல்லியிருப்பது இதனால்தான். இந்நெறிகள் பெரிய தளங்களுடன் விற்பனையாளர்களையும் விளம்பரம் செய்பவர்களையும் கட்டுப்படுத்தும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் குறித்து அதே ஆணையம் 2022இல் வெளியிட்ட நெறிகள், சரக்கு குறைவாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன.

படிப்பவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மொத்த எண்ணிக்கை சொல்லப்பட்டிருக்கிறதா, விலை குறைந்ததற்குக் காரணம் உண்டா, தீர்ந்த எண்கள் நடுவில் அறிவிக்கப்படுகின்றனவா, சொன்ன நேரத்தில் விற்பனை நின்றதா என்ற நான்கும் போதும். முதல் விற்பனையில் நான்காவதற்கு விடை கிடைக்காது. 9.30க்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் 1,100 ரூபாய்க்கே சேலை கிடைக்குமானால், அடுத்த முறை அந்தக் கணக்கில் கவுண்ட்டவுன் வரும்போது வாடிக்கையாளர் 7 மணிக்குக் காத்திருக்க மாட்டார்.