கணக்கு சரி... ஆனா விடை தப்பு! வார்த்தைக் கணக்கில் மாணவர்கள் சறுக்கும் இடம் எது?

கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகப் போட்டும் வார்த்தைக் கணக்கில் மார்க் போகிறதா? பெரும்பாலும் தப்பு நடப்பது வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் முதல் வரியில்தான். ஒரு உதாரணத்துடன் பார்ப்போம்.

கணக்கு இதுதான்

வண்டலூர் சாலையும் ஓ.எம்.ஆரும் சந்திக்கும் கேளம்பாக்கத்தில் ஒரு வண்டி ஸ்டாண்டு இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அங்கே பைக்குகளின் எண்ணிக்கை, கார்களின் எண்ணிக்கையைப் போல் 4 மடங்கு. மொத்தச் சக்கரங்கள் 144. கார் எத்தனை, பைக் எத்தனை?

படி 1: எழுத்து எதைக் குறிக்கிறது?

கார்களின் எண்ணிக்கை x, பைக்குகளின் எண்ணிக்கை y. 'x என்றால் கார்' என்று எழுதக் கூடாது. x என்பது பொருள் அல்ல, ஒரு எண்.

படி 2: வாக்கியத்துக்கு ஒரு சமன்பாடு

முதல் வாக்கியம்: y = 4x. அடுத்தது சக்கரங்கள். காருக்கு 4, பைக்குக்கு 2. எனவே 4x + 2y = 144.

படி 3: தீர்வு

y இருக்கும் இடத்தில் 4x போட்டால் 4x + 8x = 144. அதாவது 12x = 144. கார்கள் 12, பைக்குகள் 48.

சறுக்கல் எங்கே?

'ஒரு காருக்கு நாலு பைக்' என்று மனதில் ஓடும். அதை அப்படியே 4y = x என எழுதிவிடுவார்கள். அமெரிக்காவில் முதலாமாண்டு பொறியியல் மாணவர்களிடம் இதே மாதிரி கேள்வி கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தப்பாக எழுதினர்; அவர்களில் பெரும்பாலோர் இப்படித் தலைகீழாக எழுதியவர்கள். 1981-ல் வெளியான ஆய்வு இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தப்பான சமன்பாட்டிலும் முழு எண் விடை வரும்! x = 4y எனப் போட்டால் 18y = 144. பைக்குகள் 8, கார்கள் 32. சக்கரங்களைக் கூட்டினால் 128 + 16 = 144. எல்லாம் சரி போலத்தான் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதாது. கேள்வியில் இருக்கும் வாக்கியத்தோடு ஒப்பிட வேண்டும். பைக்தானே அதிகம் இருக்கணும்? இங்கே கார் அதிகமாக இருக்கிறதே! அங்கேயே தப்பு பிடிபட்டுவிடும்.

இன்னும் சுலபமான வழி, சமன்பாடு எழுதியதுமே ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது. கார் 1 என்றால் பைக் 4. y = 4x-ல் போட்டால் 4 = 4, பொருந்துகிறது. 4y = x-ல் போட்டால் 16 = 1, பொருந்தவில்லை. அதிகமாக உள்ள பக்கத்தை அல்ல, குறைவாக உள்ள பக்கத்தைத்தான் 4-ஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகும்.