ஏற்றிய தரவு முழுதாக வந்ததா?

ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றும்போது, புறப்பட்ட இடத்தை மூலம் என்றும் போய்ச் சேரும் இடத்தை இலக்கு என்றும் அழைப்பது வழக்கம். ஏற்றம் முடிந்ததும் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். ஒன்று, இரு பக்கமும் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்பது. மற்றொன்று, தொகை போன்ற நெடுவரிசைகளைக் கூட்டினால் இரு பக்கமும் ஒரே விடை வருகிறதா என்பது. எண்ணிக்கை விடுபட்ட பதிவையும் இரட்டித்த பதிவையும் காட்டும். கூட்டுத்தொகையோ, வந்து சேர்ந்த பதிவுக்குள் மதிப்பு மாறியிருப்பதைக் காட்டும்.

ஏற்றும் நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் முடிந்ததே போதும் என்று இந்த ஒப்பீட்டை விட்டுவிட முடியாது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளைப் பொதுச் சுகாதார அமைப்பு எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றியது. அந்த வடிவத்தின் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒருவருக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் இடம் விரைவில் நிரம்பி, மிஞ்சியவை உதிர்ந்தன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அந்த அளவுக்குத் தாமதமானது. வந்த வரிசைகள் எத்தனை, தாளில் ஏறியவை எத்தனை என்று ஒருமுறை பார்த்திருந்தால் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

நடைமுறையில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. நான்கு கிளைகள் கொண்ட கடன் சங்கம் ஒன்று, 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான வரவு செலவுப் பதிவுகளைப் பழைய மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஏற்றுகிறது. பழைய மென்பொருளின் அறிக்கை 48,213 பதிவுகள் என்கிறது. கோப்பின் வரிகளை `wc -l` கட்டளையால் எண்ணினால் 48,216 வருகிறது. இலக்கில் இருப்பதோ 48,209.

முதலில் கோப்பின் எண்ணிக்கையைப் பார்க்கலாம். `wc -l` பதிவுகளை எண்ணுவதில்லை. வரிமுடிவுக் குறிகளையே எண்ணுகிறது. தலைப்பு வரி ஒன்று அதில் சேர்ந்துவிட்டது. ஒரு பதிவின் குறிப்புக் கட்டத்தில் முகவரியை மூன்று வரிகளாகத் தட்டச்சு செய்திருந்ததால், மேற்கோள் குறிகளுக்குள்ளேயே இரண்டு வரிமுடிவுகள் கூடுதலாக வந்தன. இந்த மூன்றையும் கழித்தால் 48,213. அறிக்கையும் கோப்பும் ஒத்துப்போகின்றன.

மீதி நான்கு எங்கே? ஏற்றும் நிரல் ஏற்க மறுத்த வரிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்திருக்கிறது. 31-04-2023, 30-02-2024 என நாட்காட்டியில் இல்லாத தேதிகள் அவற்றில் உள்ளன. பழைய மென்பொருள் தேதியை வெறும் எழுத்தாக வாங்கிக்கொண்டதன் விளைவு இது. ஏறியவையும் ஒதுக்கப்பட்டவையும் சேர்ந்து மூலத்தின் எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும் என்பதே இங்கே சமன்பாடு. 48,209 உடன் 4 சேர்ந்தால் 48,213. சமமானதோடு வேலை முடியவில்லை. அந்த நான்கு தேதிகளைச் சலானைப் பார்த்து மூலத்திலேயே திருத்தி, அறிக்கையையும் கோப்பையும் மறுபடி எடுத்து ஏற்ற வேண்டும். தேதியை நிரலே ஊகித்து நிரப்புவது, ஒதுக்குவதைவிட மோசம். ஊகித்த தேதி பிறகு எந்தச் சோதனையிலும் அகப்படாது.

எண்ணிக்கை சரியான பிறகு கூட்டுத்தொகை. வரவு கூட்டல் எண்ணாகவும் பணம் எடுத்தது கழித்தல் எண்ணாகவும் ஒரே நெடுவரிசையில் இருக்கின்றன. மூலத்தின் கூட்டு ரூ.6,41,27,350.50, இலக்கின் கூட்டு ரூ.6,41,52,350.50. இலக்கில் 25,000 ரூபாய் அதிகம்.

48,213 பதிவுகளையும் வரிவரியாகத் தேடத் தேவையில்லை. கிளைக்கும் மாதத்துக்கும் ஒன்றாக 48 கூட்டுத்தொகைகளைப் பழைய மென்பொருளின் அறிக்கையிலிருந்து `src_totals` என்ற அட்டவணையில் இட்டு, இலக்கோடு பொருத்திப் பார்த்தால் போதும்.

```sql
SELECT branch, month, s.n, t.n, s.total, t.total
FROM src_totals s
FULL JOIN (
  SELECT branch, month, COUNT(*) AS n, SUM(amount) AS total
  FROM ledger GROUP BY branch, month
) t USING (branch, month)
WHERE s.n IS DISTINCT FROM t.n
   OR s.total IS DISTINCT FROM t.total;
```

இதில் `<>` குறியைப் போட்டிருந்தால் ஆபத்து. ஒரு பக்கம் NULL ஆக இருந்தால் அந்த ஒப்பீட்டின் விடையும் NULL ஆகிவிடும். அந்த வரிசை விடையில் வராது. இலக்கில் ஒரு மாதமே விடுபட்டிருந்தாலும், எல்லாம் சரி என்றே வினவல் காட்டும். `IS DISTINCT FROM` அதை வெளிக்கொண்டு வருகிறது. `FULL JOIN` ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் மாதத்தைத் தக்கவைக்கிறது.

விடையில் ஒரே வரிசை வருகிறது: மூன்றாம் கிளை, நவம்பர் மாதம். எண்ணிக்கை சமம், தொகையில் 25,000 வித்தியாசம். கணக்கர்களுக்குப் பழகிய ஒரு வழி இங்கே கைகொடுக்கும். கழித்தல் குறி தொலைந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரு மடங்காகும். ஆகவே வித்தியாசத்தின் பாதியைத் தேட வேண்டும். அந்த மாதத்தில் 12,500 ரூபாய்க்கு ஒரு பதிவு கிடைக்கிறது. கோப்பில் அது `12500-` என்று குறி பின்னால் வரும்படி கையால் உள்ளிடப்பட்டிருக்கிறது. நிரல் அந்தக் குறியை உதறிவிட்டு, எடுத்த பணத்தை வரவாக்கிவிட்டது. பாதித் தொகை ஒரு துப்புதான்; பதிவைத் திறந்து பார்த்த பிறகே காரணம் உறுதியாகும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதும் இதே வகைத் துப்பு.

இந்தப் பிழை அகப்பட்டதற்குக் காரணம், மூலத்தின் கூட்டுத்தொகை பழைய மென்பொருளிடமிருந்தே வந்தது. அதே சிஎஸ்வி கோப்பை அதே நிரலால் தற்காலிக அட்டவணையில் ஏற்றி, அதையே மூலம் என்று வைத்துக் கூட்டியிருந்தால், இரு பக்கமும் ஒரே தவறோடு ஒத்துப்போயிருக்கும். பல இடங்களில் இந்தச் சோதனை இப்படித்தான் நடக்கிறது, அது வீண். எடுத்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பை மாலையில் எடுத்துவிட்டு அறிக்கையை மறுநாள் எடுத்தால், இடையில் விழுந்த பதிவுகள் பொய்யான வித்தியாசத்தைக் காட்டும்.

பைசா அளவில் மட்டும் வித்தியாசம் தொங்கினால், தொகையை மிதவைப் புள்ளி வகையில் சேமித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் 0.10 போன்ற எண்ணைத் துல்லியமாக வைக்க முடியாது. கூட்டும் வரிசை மாறினால் விடையும் சற்று மாறும். பணத்துக்கு `numeric` வகையே பொருத்தம். ஒரு ரூபாய் வரை பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால், உண்மையான ஒரு ரூபாய்ப் பிழையும் அதே வழியாக நுழைந்துவிடும்.

இரண்டு எண்களும் பொருந்திய பிறகும் தவறு ஒளிந்திருக்க இடமுண்டு. ஒருவருக்குச் சேர வேண்டிய 3,000 ரூபாய் அதே கிளையில், அதே மாதத்தில் இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தால் எந்தக் கூட்டும் மாறாது. கணக்கு எண்களையே கூட்டிப் பார்க்கும் பழைய முறை, ஓர் எண் தவறாகப் பதிந்ததைப் பிடிக்கும். ஆனால் இரண்டு பேரின் தொகைகள் தமக்குள் இடம் மாறியதைப் பிடிக்காது. அதற்கு ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். சங்கத்தின் அளவில் இது சில வினாடி வேலைதான். 00417 என்ற கணக்கு எண் 417 ஆகச் சுருங்கினாலும் எண்களின் கூட்டு அப்படியே இருக்கும். அந்த நெடுவரிசையை எழுத்தாக வைத்து, எல்லா எண்களும் ஐந்து இலக்க நீளம் உள்ளனவா என்று பார்த்தால்தான் அது தெரியவரும்.